விறாந்தை சிலாப்பை இரண்டு தடவை பூசிய கதை

எங்கள் வீடு வெள்ளவத்தையில், காலி வீதிக்குக் கடல் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில் இருக்கிறது. ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், நடந்தால் மூன்று நிமிடத்தில் கடல். அப்பா 1986 இல் கட்டியது. முன்னால் ஒரு விறாந்தை, அதற்கு மேலே சிலாப், அந்தச் சிலாப்தான் மாடிக்குப் பல்கனி. அப்பா போனபின் அம்மாவும் நானும்தான். கணவர் கட்டாரில். வீட்டில் ஒரு திருத்த வேலை என்றால் ஆள் பிடிப்பதிலிருந்து காசு கொடுப்பது வரை என் தலையில்தான்.

2022 ஆரம்பத்தில் விறாந்தைச் சிலாப்பின் அடிப்பக்கத்தில் பெயின்ட் உப்பிக்கொண்டு வந்தது. பிறகு ஒரு நீட்டு வெடிப்பு. பிறகு ஒருநாள் காலையில் தரையில் கொங்கிறீட் துண்டுகள். அண்ணாந்து பார்த்தால் இரண்டு அடி நீளம், ஒன்றரை அடி அகலத்துக்கு ஒரு புண், அதற்குள்ளே மூன்று கம்பிகள், கறள் பிடித்துச் செதில் செதிலாக. தெரிந்தவர் மூலம் ஒரு பாஸ் வந்தார். நிமிர்ந்து பார்த்துவிட்டு, "சின்ன வேலை அக்கா, ரெண்டு நாள்" என்றார். எனக்கு அந்த "சின்ன வேலை" என்ற சொல் தேனாக இனித்தது. அந்த நேரம் நாடு இருந்த நிலைமையில் சின்ன வேலைக்கே காசு இல்லை.

அவர் செய்தது இதுதான். தொங்கிக்கொண்டிருந்ததைத் தட்டி விழுத்தினார். வயர் பிரஷ்ஷால் கம்பியின் அடிப்பக்கத்தைத் தேய்த்தார். கறளைக் கறுப்பாக மாற்றும் திரவம் ஒன்றை ஹாட்வெயார் கடையில் வாங்கச் சொன்னார், அதைப் பூசினார். கம்பி உடனே கறுத்துப் போனது, பார்க்கப் புதுக்கம்பி மாதிரி. பிறகு வெள்ளைப் பசை ஒன்றைத் தண்ணீரில் கரைத்துப் பூசி, சாதாரண சிமெந்து மணல் கலவையால் அடைத்து, மட்டம் பார்த்து, பெயின்ட் அடித்தார். மொத்தம் 62,000 ரூபாய். புண் இருந்த இடமே தெரியவில்லை. நானே படம் எடுத்துக் கணவருக்கு அனுப்பினேன்.

2023 ஜூன், தென்மேல் பருவக்காற்று ஊதிக்கொண்டிருந்த ஒரு இரவு. பெரிய சத்தம். அம்மா பதறி எழுந்துவிட்டார். விறாந்தை விளக்கைப் போட்டால், பாஸ் பூசிய துண்டு அப்படியே ஒரு தட்டாகக் கழன்று என் ஸ்கூட்டியின் மேல் கிடக்கிறது. கூடவே அதன் ஓரத்தில் இருந்த பழைய கொங்கிறீட்டும். ஸ்கூட்டியைத் திருத்த 18,000 போனது. அது பரவாயில்லை. அம்மா பின்னேரம் கதிரை போட்டு இருக்கிற இடமும் அதற்குக் கீழேதான். அந்த இரவு எனக்கு வந்தது கோபம் இல்லை, நடுக்கம்.

அதற்குப் பிறகுதான், அப்பாவோடு வேலை செய்து ஓய்வு பெற்ற ஒரு பொறியியலாளரைத் தேடிப் போனேன். அங்கிள் என்றுதான் சின்ன வயதிலிருந்து கூப்பிடுவேன். அவர் வந்து முதலில் மேலே பார்க்கவே இல்லை. கீழே விழுந்த துண்டைக் கையில் எடுத்துத் திருப்பினார். அதன் முதுகில் கம்பிகளின் தடம் வாய்க்கால் மாதிரிப் பதிந்திருந்தது, அந்தத் தடம் முழுக்கக் கறுப்புச் செதில். அதை நகத்தால் சுரண்டினார். கறுப்புக்குக் கீழே செம்மஞ்சள் பொடி.

"பிள்ளை, அவன் கறளுக்கு மேல கறுப்புச் சட்டை போட்டு விட்டிருக்கிறான். உள்ளுக்கு அது தன்ர வேலையைச் செய்துகொண்டுதான் இருந்திருக்கு."

கறள் என்றால் என்ன நடக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு ஒழுங்காக விளங்கியது. சிமெந்தில் காரத்தன்மை அதிகம். அந்தக் காரத்துக்குள் இருக்கும் வரை கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் இருந்து அதைக் காப்பாற்றும். இரண்டு வழியில் அந்தப் படலம் போகும். காற்றில் உள்ள கரியமிலவாயு வருடக்கணக்காக மெல்ல மெல்ல உள்ளே போய்க் காரத்தைக் குறைத்துவிடும். அல்லது கடல் உப்பு ஈரத்தோடு உள்ளே இறங்கி, காரம் இருக்கும்போதே படலத்தைத் துளைக்கும். படலம் போனால் கம்பி கறள் பிடிக்கும், கறள் இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், இடம் இல்லாததால் கொங்கிறீட்டைப் பிளந்து தள்ளும். ஆகவே நாம் பார்க்கும் புண் நோயின் கடைசிக் கட்டம்தான்.

அங்கிள் ஒரு சின்ன சுத்தியலால் சிலாப் முழுவதையும் ஒவ்வொரு சாணுக்கும் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடத்தில் 'டிங்' என்று கணீரென்று கேட்கிறது. உள்ளே பிரிந்துபோன இடத்தில் 'டொக்' என்று பொந்தான சத்தம். ஒருமுறை கேட்டால் காது பிடித்துக்கொள்ளும், பெரிய வித்தை இல்லை. நான் சோக்கால் கோடு போட்டுக்கொண்டு போனேன். கடைசியில் கோட்டைப் பார்த்தால், 1.5 மீற்றருக்கு 1.2 மீற்றர் அளவு வந்து நிற்கிறது! முதல் பாஸ் பூசியது அதில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. ஆகவே யாரிடமும் விலை கேட்பதற்கு முன்னால், ஒரு ஏணியும் சுத்தியலும் சோக்கும் எடுத்து இந்த ஒரு வேலையைச் செய்துவிடுங்கள். கண்ணுக்குத் தெரிகிற ஓட்டைக்கு விலை சொல்பவரும், சோக் கோட்டுக்கு விலை சொல்பவரும் இரண்டு வேறு வேலைகளைச் சொல்கிறார்கள்.

அடுத்து அவர் சொன்னதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. பூசிய இடம் கழன்றதோடு சரி, ஏன் ஓரத்தில் இருந்த பழைய கொங்கிறீட்டும் வெடித்தது? "நல்லாப் பூசினால்கூடச் சில நேரம் அப்படி வரும்" என்றார். கம்பி நீளமாக ஓடுகிறது. அதன் ஒரு பகுதியில் புதுக்கலவை, காரம் நிறைய, உப்பு இல்லை. பக்கத்தில் பழைய கொங்கிறீட், அதில் உப்பு இருக்கிறது. முன்பு புண்ணுக்குள் இருந்த கம்பிதான் தேய்ந்து தேய்ந்து பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதை நாம் சுகப்படுத்தியதும் அரிப்பு ஓரத்துக்கு இடம் மாறுகிறது. பற்றரி மாதிரி, ஒரே கம்பியில் இரண்டு முனை. அதனால்தான் திருத்திய சதுரத்தைச் சுற்றி வளையம் போட்டதுபோல ஒன்றிரண்டு வருடத்தில் புது வெடிப்பு வருகிறது. இதை நிறையப் பேர் "கலவை சரியில்லை" என்று கலவையின் தலையில் போட்டுவிடுகிறார்கள்.

இதற்கு என்ன செய்யலாம்? கறள் எங்கே முடிகிறதோ அங்கே உடைப்பதை நிறுத்தாமல், சுத்தமான கம்பி தெரிந்த பிறகும் ஒரு 50 மில்லிமீற்றர் தாண்டிப் போக வேண்டும். கம்பியைச் சுற்றி முழுவதும் திறக்க வேண்டும். முதல் பாஸ் விட்ட பெரிய பிழை இங்கேதான். அவர் கம்பியின் அடிவயிற்றை மட்டும் பார்த்தார். கம்பியின் முதுகு உப்புள்ள பழைய கொங்கிறீட்டில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரே கம்பியில் பாதி புதுசு, பாதி பழசு என்றால் அரிப்புக்கு அதைவிட வசதி வேறு இல்லை. புதுக்கலவைக்கும் பிடிப்பு இல்லை, கம்பிக்குப் பின்னால் சுற்றிப் பிடித்தால்தானே தொங்கும்? கம்பிக்கு மேலே குறைந்தது 20 மில்லிமீற்றர், அதாவது நம்முடைய விரல் தாராளமாகப் போய் வருகிற அளவுக்குத் தோண்ட வேண்டும். இந்த விரல் கணக்கை நான் வேலை முடியும்வரை அளவுகோலாக வைத்திருந்தேன்.

2024 ஜனவரியில் தொடங்கினோம். கொழும்பில் மழை குறைந்த மாதங்கள் ஜனவரியும் பெப்ரவரியும்தான் என்பதால் அவ்வளவு நாள் பொறுத்தேன். இடையில் விறாந்தையில் கயிறு கட்டி யாரையும் விடவில்லை, அம்மாவின் கதிரை உள்ளே போனது. வேலை தொடங்குமுன் சிலாப்புக்கு முட்டு. தூண்களுக்கும் பீமுக்கும் இடையில் கிடக்கும் சிலாப் என்பதால் அடிப்பக்கக் கம்பிதான் பாரம் தாங்குவது, அதைச் சுற்றி உடைக்கும்போது சிலாப் பலவீனப்படும். பலகை வைத்து ஆறு இரும்பு ஜக் கொடுத்தோம், அதுவும் ஒரே தடவையில் முழுவதையும் உடைக்காமல் பாதி பாதியாக. உங்களுடையது தூண் இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பல்கனி என்றால் கதை தலைகீழ். அங்கே பாரம் தாங்கும் கம்பி மேலே இருக்கும். தரைப்பக்கத்தில் கைவைப்பதற்கு முன் கட்டாயம் ஒரு பொறியியலாளர் பார்க்க வேண்டும், இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு அதில் இறங்காதீர்கள்.

புது பாஸுக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. "இவ்வளவு உடைக்கிறதா அக்கா? நல்ல கொங்கிறீட்டையுமா?" என்று ஒரு நாளைக்கு மூன்று தடவை கேட்டார். சோக் கோட்டைச் சதுரமாகத் திருத்தி, கிரைண்டரால் சுற்றிவர 8 மில்லிமீற்றர் ஆழத்துக்கு வெட்டினோம். ஓரம் செங்குத்தாக நிற்க வேண்டும் என்பதற்காக. ஓரத்தைத் தோசை மாதிரி மெலிதாக முடித்தால் அந்த மெல்லிய விளிம்புதான் முதலில் கழரும். வெட்டும்போது கவனம், எங்கள் சிலாப்பில் கம்பிக்குக் கீழே மூடியிருந்த கொங்கிறீட் வெறும் 15 மில்லிமீற்றர்தான். ஆழமாக இறக்கினால் கம்பியையே அறுத்துவிடும். கடற்கரையோரத்தில் இருக்க வேண்டிய மூடலுக்கு இது மிகக் குறைவு, எல்லாவற்றுக்கும் மூலகாரணமும் அதுவே. உடைத்ததை அள்ளிக் கட்டவே நிறைய உரப்பை ஆனது. தூசு வீட்டுக்குள் அலுமாரிப் புடவைவரை போனது. கண்ணாடியும் முகக்கவசமும் வாங்கிக் கொடுத்தேன், பாஸ் அதை நெற்றியில் மாட்டிக்கொண்டு வேலை செய்தார்.

கம்பி சுத்தம் செய்வது தனி வேலை. கிரைண்டரில் மாட்டும் வயர் பிரஷ் அடிப்பக்கத்தை நிமிடத்தில் பளபளப்பாக்கிவிடும், முதுகுக்குப் போகாது. மணல் வீசித் துடைக்கும் இயந்திரம் பிடித்தால் முதுகும் சுத்தமாகும். ஒழுங்கை வீட்டில் அதற்கு இடமும் இல்லை, அயலவர் பொறுமையும் இல்லை. அங்கிள் சொன்னபடி, எமரித் துணியை இரண்டு விரல் அகலத்தில் கீறி, கம்பிக்குப் பின்னால் விட்டு, இரண்டு முனையையும் பிடித்து, சப்பாத்துக்குப் பொலிஷ் போடுவதுபோல மாறி மாறி இழுத்தோம். நானும் இழுத்தேன், இரண்டு நாள் தோள் தூக்க முடியவில்லை. தேய்த்துப் பளபளப்பாக வந்தாலும் நம்பக்கூடாது. வயர் பிரஷ் கறளையே மினுக்கிவிடும், மண்ணிறமாக மினுங்கும். வெள்ளியாகத் தெரிய வேண்டும். என் முகம் பார்க்கும் கண்ணாடியை ஏணியில் கொண்டுபோய்க் கம்பிக்குப் பின்னால் பிடித்துப் பார்த்தேன். முதல் தடவை பிடித்தபோது, பின்பக்கம் தொடாமலே கிடந்தது!

உப்பினால் வரும் கறளுக்கு ஒரு அடையாளம் உண்டு. கம்பி முழுவதும் சீராகத் தேயாமல், அங்கங்கே குழி விழும், குழியின் அடியில் கறுப்பாக இருக்கும். அந்தக் குழிக்குள் உப்பு தங்கியிருக்கும், தேய்த்தால் போகாது. நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, திரும்பக் கழுவி, காயவைத்து, திரும்பத் தேய்க்க வேண்டும். நாங்கள் மூன்று தடவை செய்தோம். இங்கே ஒரு நாள் வீணானது. வெள்ளிக்கிழமை சுத்தம் செய்துவிட்டு, பூச்சை திங்கட்கிழமை பூசலாம் என்று விட்டோம். கடல்காற்று விட்டுவைக்குமா? சனிக்கிழமை காலையிலேயே கம்பி முழுக்க மஞ்சள் பூத்திருந்தது. வெள்ளைக் கடதாசியால் துடைத்தால் கடதாசி மண்ணிறம். திரும்ப முதலிலிருந்து. சுத்தம் செய்கிற அதே நாளில் பூச்சும் போக வேண்டும், அதற்கு ஏற்றமாதிரி எவ்வளவு கம்பி முடியுமோ அவ்வளவைத்தான் அன்று எடுக்க வேண்டும்.

சுத்தம் செய்தபின் அங்கிள் அளவு எடுத்தார். பத்து மில்லிமீற்றர் கம்பிகள். பெரும்பாலானவை ஒன்பதுக்கு மேல் இருந்தன. இரண்டு கம்பிகளில் மட்டும் ஒரு இடத்தில் எட்டு. "ரெண்டு மில்லிமீற்றர்தானே" என்று நான் நினைத்தேன். அவர் கணக்குப் போட்டுக் காட்டினார்: கம்பியின் பலம் அதன் வெட்டுமுகத்தின் பரப்பில் இருக்கிறது, விட்டத்தில் இல்லை. எட்டை எட்டால் பெருக்கினால் 64, பத்தைப் பத்தால் பெருக்கினால் 100. நூற்றில் 36 போய்விட்டது. ஒன்பதென்றால் 81, போனது 19 தான். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் பூசி மூடிவிட்டுப் போகக்கூடாது என்றார். அந்த இரண்டுக்கும் பக்கத்தில் புதுக்கம்பி வைத்து, பழைய கம்பி நல்லபடியாக இருக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் அரை மீற்றர் ஒட்டி வரும்படி கட்டினோம். அதற்காக இன்னும் கொஞ்சம் உடைக்க வேண்டி வந்தது. இது உங்களுக்கு நேர்ந்தால் நீங்களாக முடிவெடுக்காமல் ஒரு பொறியியலாளரிடம் கேளுங்கள்.

கறளைக் கறுப்பாக்கும் திரவத்தைப் பற்றி அங்கிளிடம் திருப்பித் திருப்பிக் கேட்டேன், ஏனென்றால் கடைக்காரர்கள் அதைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். கதவு, கேட், கிறில் போன்றவற்றுக்கு அது நல்லதுதான். மெல்லிய கறளோடு கலந்து அதை அசையாத கறுப்புப் படலமாக மாற்றும். தடித்த செதிலுக்குள் அது இறங்காது, உப்பையும் எடுக்காது. அமிலம் உள்ள வகை என்றால் சுற்றியுள்ள கொங்கிறீட்டில் பட்டு, புதுக்கலவை ஒட்டுவதையும் கெடுக்கும். நாங்கள் அதைப் பாவிக்கவில்லை. சிமெந்தும் பொலிமரும் கலந்து கம்பிக்கென்றே வரும் பூச்சை வாங்கி, பிரஷ்ஷால் இரண்டு தடவை பூசினோம், முதல் பூச்சு தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்தபின் இரண்டாவது. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீற்றர் அளவு தடிப்பு. திரும்பவும் கண்ணாடி பிடித்துப் பார்த்தேன். கம்பி முதுகில் பூசாமல் விட்ட இடங்களைச் சுட்டிக்காட்டி, பாஸிடம் நல்ல பெயர் எடுத்தேன்.

முதல் தடவை பாவித்த அந்த வெள்ளைப் பசை மரவேலைக்கு உரியது. காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் திரும்ப இளகிவிடும். மழை ஊறும் சிலாப்பில் அதை இடையில் பூசினால், ஒட்டுவதற்குப் பதிலாக வழுக்கு விட்ட மாதிரி. எங்கள் துண்டு ஒரே தட்டாகக் கழன்றதற்கு அதுவும் காரணம் என்பது அங்கிளின் கணிப்பு. ஹாட்வெயாரில் "கொங்கிறீட் ஒட்டுற பசை" என்று கேட்டால் இதையும் தருவார்கள், தண்ணீரைத் தாங்கும் எஸ்பிஆர் திரவத்தையும் தருவார்கள். இரண்டும் பார்க்கப் பால் மாதிரி வெள்ளைதான்.

இனிப் பொலிமர் கலந்த திருத்தக்கலவை. 25 கிலோ பையில் வரும், மணல் சிமெந்து எல்லாம் சேர்ந்தே இருக்கும், தண்ணீர் மட்டும் விட வேண்டும். பையின் பின்பக்கத்தில் ஐரோப்பியத் தர எண் 1504-3 போட்டு, ஆர் 3 அல்லது ஆர் 4 என்று இருந்தால் பாரம் தாங்கும் பகுதிக்கு உரியது. ஆர் 1, ஆர் 2 ஒப்பனைக்கு. ஒரு பை கரைத்தால் ஏறத்தாழ 13 லீற்றர் கலவை வரும். என் கணக்கு இப்படி: நீளம் 1.5, அகலம் 1.2, ஆழம் மூடல் 15, கம்பி 10, பின்னால் 20 என்று 45 மில்லிமீற்றர். பெருக்கினால் 81 லீற்றர். ஆறே கால் பை. வீணாவதையும் சேர்த்து ஏழு வாங்கினேன். முதலில் தெரிந்த ஓட்டைக்குக் கணக்குப் பார்த்தால் ஒரே ஒரு பை. அந்த ஒரு பையையும் ஏழு பையையும் நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை.

பூசுவதற்கு முதல் நாள் மாலையில் உடைத்த இடம் முழுவதும் தண்ணீர் தெளித்து ஊறவிட்டோம். காலையில் பார்த்தால் கொங்கிறீட் இருண்ட நிறமாக இருக்க வேண்டும், கை வைத்தால் கை நனையக்கூடாது. காய்ந்திருந்தால் கலவையின் தண்ணீரை அது உறிஞ்சிவிடும். தண்ணீர் சொட்டித் தொங்கினால் கலவை வழுக்கிவிடும். பிறகு அதே கலவையைக் கொஞ்சம் இளக்கமாகக் கரைத்து, கட்டைப் பிரஷ்ஷால் கொங்கிறீட்டில் தேய்த்து ஏற்றி, அது ஈரமாக இருக்கும்போதே கலவையை அடைக்க வேண்டும். தேநீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று போனால் அந்தப் பூச்சு காய்ந்து, ஒட்டுவதைத் தடுக்கும் தோலாகிவிடும். அப்படிக் காய்ந்துபோன ஒரு துண்டை நாங்களும் சுரண்டி எடுத்தோம்.

சண்டை வந்தது தண்ணீரில். பையில் எழுதிய அளவுக்கு நான் வாளியில் அளந்து ஊற்றி வைத்தேன். அதில் பொடியைக் கொட்டி, மெதுவாகச் சுற்றும் ட்ரில்லால் மூன்று நிமிடம் கலக்க வேண்டும். சாந்து இழுத்துப் பழகிய கைக்கு இந்தக் கலவை இறுக்கமாக இருக்கும். பாஸ் இன்னும் ஒரு கோப்பை தண்ணீர் கேட்டார். நான் வாளியைப் பின்னால் மறைத்துக்கொண்டேன். தண்ணீர் கூடினால் பலம் குறையும், சுருங்கி வெடிக்கும், ஓரம் விடும். கலவை இறுகத் தொடங்கிய பிறகு தண்ணீர் தெளித்து உயிர் கொடுப்பது அதைவிட மோசம். கொழும்பு வெயிலில் அரை மணி நேரம்தான் கையில் இருக்கும், ஆகவே அரைப் பை அரைப் பையாகக் கலந்தோம், காலை ஆறரைக்குத் தொடங்கினோம்.

கம்பிக்குப் பின்னால் ஒரு பக்கமிருந்து மறுபக்கமாகக் கையுறை போட்ட கையால் அமுக்கி அடைத்தால் காற்று வெளியேறும். இரண்டு பக்கமிருந்தும் அடைத்தால் நடுவில் பொந்து நிற்கும். தலைக்கு மேலே பூசும்போது ஒரு தடவையில் 20, 25 மில்லிமீற்றருக்கு மேல் ஏற்றக்கூடாது. அதைக் கீறிவிட்டு, இறுகிய பின் அடுத்த படை. எனக்கு வங்கிக்குப் போக வேண்டியிருந்த ஒரு மணி நேரத்தில் பாஸ் ஒரு மூலையை ஒரே படையில் முழுத் தடிப்புக்கும் ஏற்றிவிட்டார். மத்தியானம் பார்க்கும்போது அது வயிறு தொங்கியிருந்தது. பாரம் தாங்காமல் பழைய கொங்கிறீட்டை விட்டுக் கீழே இறங்கியிருந்தது. அதை இறுகுவதற்குள் வழித்து எறிந்தோம். அரைப் பை நட்டம். பாஸ் பாவம், அதன்பிறகு என்னைக் கேட்காமல் கரண்டியைத் தொடவில்லை.

ஈரம் காப்பதற்குப் பொலித்தீனை ஓரங்களில் சட்டம் அடித்து இறுக்கி, அதற்குள் ஈரச்சாக்கைப் பலகையால் முட்டுக்கொடுத்து வைத்தோம், பையில் சொன்ன மூன்று நாளுக்கு. கடல்காற்றில் ஒரு மூலை திறந்துகொண்டது. அந்த மூலையில் மட்டும் மயிரிழை வெடிப்புகள். காற்று நேராகப் படும் இடமென்றால் இரவிலும் எழுந்து பாருங்கள். ஒரு கிழமை கழித்து முழுவதையும் திரும்பத் தட்டினோம், எல்லா இடமும் 'டிங்'. அதன்பிறகுதான் மற்றப் பாதியை உடைத்தோம், முட்டு எடுத்தது அந்தப் பாதியும் இறுகி அங்கிள் சரி என்ற பிறகுதான்.

நடுவில் மேலே பல்கனித் தரையின் ஓடுகளைக் கிளப்பி நீர்த்தடுப்புப் போட்டோம். அடைத்துக்கொண்ட வடிகுழாயையும் மாற்றினோம். இவ்வளவு வருடம் அங்கே தேங்கிய தண்ணீர்தான் ஈரத்தை உள்ளே இறக்கியிருக்கிறது. கணக்குச் சொல்லிவிடுகிறேன்: பொருட்கள் 96,000, பாஸுக்கும் கையாளுக்கும் பத்து நாள் 85,000, ஜக், சாரம், கிரைண்டர் வாடகை 22,000, மேலே நீர்த்தடுப்பு 40,000. மொத்தம் 2 இலட்சத்து 43 ஆயிரம். முதல் தடவை போன 62,000 இதில் சேரவில்லை. அதில் ஒரு சதம்கூட இதற்கு உதவவில்லை, அந்தப் பூச்சை உடைத்து அள்ளியதற்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்தேன்.

இது எத்தனை வருடம் நிற்கும் என்று கேட்டேன். அங்கிள் உத்தரவாதம் தரவில்லை. உடைத்த ஓரத்தில் நிறம் மாறும் திரவம் ஒன்றைத் தெளித்துக் காட்டினார், நல்ல கொங்கிறீட் ஊதாச் சிவப்பாக மாறியது, மேலோடு மட்டும் நிறமில்லாமல் நின்றது. காரம் எந்த ஆழம்வரை இல்லாமல் போய்விட்டது என்று அது காட்டும். உப்பைக் காட்டாது. சிவப்பாக மாறிய இடத்திலும் உப்பு இருக்கலாம். உப்பைப் பார்க்க வேண்டுமென்றால் துளை போட்டு எடுக்கும் தூளை ஆய்வுகூடத்துக்குக் கொடுக்க வேண்டும், எனக்கு அப்போது கையில் காசு முடிந்திருந்தது. திருத்தத்தின் ஓரத்தில் கம்பியோடு கட்டிவிடும் சின்ன நாகத் துண்டுகள் உண்டு, கம்பிக்குப் பதிலாக அவை அரிபட்டுக் கொடுக்கும். அவற்றையும் நாங்கள் போடவில்லை. இப்போது செய்வதென்றால் வேறு எதையாவது குறைத்து அதைப் போடுவேன்.

இரண்டு தென்மேல் பருவம் போய்விட்டது. வருடத்துக்கு இரண்டு தடவை ஏணி போட்டுத் தட்டுகிறேன். பூசிய இடம் முழுவதும் கணீரென்றுதான் இருக்கிறது. போன தடவை, பூச்சின் கடல்பக்க ஓரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி, பழைய கொங்கிறீட்டில், ஒரு உள்ளங்கை அளவுக்குச் சத்தம் கொஞ்சம் மாறிக் கேட்டது. சோக்கால் வட்டம் போட்டு உள்ளே திகதி எழுதியிருக்கிறேன். அம்மாவின் கதிரையை இரண்டடி இந்தப் பக்கம் நகர்த்திவிட்டேன், ஏன் என்று சொல்லவில்லை.